வானொலியில் கேட்டதைக் கேள்வி - பதிலாக எழுதுவோம்



வானொலியில் தொலைபேசி நேரடி நிகழ்ச்சி வருகிறது. நேயர்கள் போன் போட்டுக் கேள்வி கேட்கிறார்கள், நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் டாக்டரோ வேளாண்மை அலுவலரோ பதில் சொல்கிறார். அந்த நேரத்தில் நம்மில் பாதிப் பேர் பால் கறந்துகொண்டிருப்போம், மீதிப் பேர் அடுப்படியில் இருப்போம். அதனால் குழுவுக்கு ஒருவர் அதைக் கேட்டுச் சுருக்கி எழுதி வந்தால், வாரக் கூட்டத்தில் வாசிக்கலாம், நல்லதாக இருந்தால் நமது இதழிலும் போடலாம். அப்படி எழுதுவது எப்படி என்பதே இந்த மாதப் பாடம்.

வானொலிப் பேச்சைக் கேட்டு விவசாயம் செய்வது நமக்குப் புதிதல்ல. 1960-களில் திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டுத்தான் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 நெல் பரவியது. அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. கேட்டதை அப்படியே செய்துபார்க்கிற மக்கள் நாம். ஆகவே எழுதித் தருகிறவர் தவறாக எழுதினால், அந்தத் தவறையும் அப்படியே செய்துவிடுவோம்.

தீர்மானப் புத்தகம் எழுதத் தெரிந்த ஊக்குநருக்கும் பிரதிநிதிக்கும் இது பாதி தெரிந்த வேலைதான். ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கிறது. தீர்மானத்தில் யார் என்ன பேசினார் என்பதை விட்டுவிட்டு முடிவை மட்டும் எழுதுவோம். வானொலி நிகழ்ச்சியில் அப்படிச் செய்தால் கெட்டது. நேயர் ஒரு வரியில் கேள்வி கேட்பார். டாக்டர் உடனே பதில் சொல்லாமல், "எத்தனை மாசக் கோழிம்மா? எத்தனை நாளா?" என்று திருப்பிக் கேட்பார். அதற்கு நேயர் சொல்வதை வைத்துத்தான் பதிலே வரும். அந்தத் திருப்பிக் கேட்டதை விட்டுவிட்டு எழுதினால், பதில் யாருக்குச் சொன்னது என்பதே தெரியாமல் போய்விடும்.

நாட்டுக்கோழி பற்றிய ஒரு நிகழ்ச்சியை வைத்து இதைப் பார்ப்போம். பயிற்சிக்காக இந்தப் பேச்சை நாமே அமைத்திருக்கிறோம். இதில் வரும் நேயர்கள் கற்பனைதான். நோயையும் தடுப்பூசியையும் பற்றி டாக்டர் சொல்வதாக உள்ளவை, கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்கிற உண்மையான செய்திகள்.

முதல் அழைப்பு

"வணக்கம் டாக்டர் சார். நம்ம வீட்டுல பன்னெண்டு கோழி இருந்துச்சுங்க. வெள்ளையா கழியுது, நாலு செத்துப்போச்சு. என்ன மருந்து குடுக்கலாம் சார்?"

"பெரிய கோழியாம்மா, குஞ்சா?"

"பெரிய கோழிதாங்க. முட்டை வெச்சுக்கிட்டிருந்துச்சு."

"வெள்ளையா மட்டும் கழியுதா, பச்சையும் இருக்கா?"

"ரெண்டும் கலந்து கழியுதுங்க. மூச்சு வாங்குது. ரெண்டு கோழி கழுத்தைத் திருகிக்கிட்டு நிக்குது சார்."

"தடுப்பூசி எப்பப் போட்டீங்க?"

"போடலீங்க."

"சந்தையில புதுசா ஏதும் வாங்கி விட்டீங்களா?"

"போன வாரம் ரெண்டு சேவல் வாங்கி விட்டோமுங்க. அதுல ஒண்ணுதான் மொதல்ல செத்துச்சு."

"சரிம்மா. நீங்க சொல்றதைப் பார்த்தா வெள்ளைக்கழிச்சல் மாதிரிதான் தெரியுது. அது வைரஸ் கிருமி. அதைக் கொல்ற மருந்து கிடையாது. சீக்கு வந்த கோழிக்கு இப்பப் போய்த் தடுப்பூசி போட்டாலும் காப்பாத்தாது. நல்லா இருக்கிறதைத் தனியா பிரிச்சு வையுங்க. செத்ததைத் தூக்கிப் போடாம ஆழமா குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் புதைங்க. சீக்குக் கோழியை விக்காதீங்க, அது போற ஊருக்கெல்லாம் சீக்கும் போகும். இன்னைக்கே கால்நடை மருந்தகத்துல தகவல் சொல்லிடுங்க. அவங்க பார்த்துத்தான் இதுதான்னு உறுதியா சொல்ல முடியும். இனிமே புதுசா வாங்குற கோழியை ரெண்டு மூணு வாரம் தனியா அடைச்சு வெச்சுப் பாருங்க, அப்புறம் கலந்து விடுங்க."

இதைச் சுருக்கச் சொன்னால் பலரும் இப்படித்தான் எழுதுவார்கள்:

கேள்வி: கோழி வெள்ளையாகக் கழிகிறது. என்ன மருந்து கொடுக்கலாம்?
பதில்: இது வெள்ளைக்கழிச்சல். இதற்கு மருந்து கிடையாது.

இதில் பொய் எதுவும் இல்லையே என்று தோன்றும். இரண்டாவது அழைப்பைக் கேட்டால்தான் வினை எங்கே இருக்கிறது என்று தெரியும்.

இரண்டாவது அழைப்பு

"சார், எங்க கோழிக்குஞ்சுக்கும் வெள்ளையா கழியுதுங்க. பொறிச்சு ஆறு நாள் ஆவுது. பின்னாடி வெள்ளையா ஒட்டிக்கிட்டு அடைச்சுப் போயிருக்கு."

"கழுத்து திருகுதாம்மா? பெரிய கோழிக்கு ஏதாவது?"

"அதெல்லாம் இல்லீங்க. தாய்க்கோழி நல்லாத்தான் மேயுது. குஞ்சுங்கதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு நிக்குதுங்க."

"அப்ப இது வேற சீக்கா இருக்கலாம். பாக்டீரியா கிருமியால குஞ்சுக்கு வர்ற கழிச்சல் ஒண்ணு உண்டு. தாய்க்கோழி பார்க்க நல்லா இருந்தாலும் முட்டை வழியா குஞ்சுக்கு இறங்கும். குளிர் தாக்கினாலும் குஞ்சு இப்படி நிக்கும். இதுக்கு மருந்து இருக்கு. ரெண்டு குஞ்சை எடுத்துக்கிட்டுப் போய் மருந்தகத்துல காட்டுங்க. டாக்டர் பார்த்து மருந்தும் அளவும் சொல்வார். அதுவரைக்கும் குஞ்சுங்களைக் கதகதப்பா வையுங்க, பஞ்சாரத்துல ஈரம் இல்லாம பார்த்துக்கோங்க. தப்பிப் பிழைக்கிற குஞ்சை வளர்த்து அடை வைக்காதீங்க, அதுக்குள்ள கிருமி தங்கியிருக்கும்."

இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி, "வெள்ளையா கழியுது". ஒருவருக்கு "மருந்து கிடையாது" என்று பதில். இன்னொருவருக்கு "மருந்து இருக்கு, தூக்கிக்கிட்டுப் போங்க" என்று பதில். நாம் முதலில் எழுதிய இரண்டு வரிச் சுருக்கத்தைக் குஞ்சு வைத்திருக்கும் ஒரு சகோதரி வாசித்தால், 'மருந்தே இல்லையாமே' என்று மருந்தகம் போகாமல் இருந்துவிடுவார். காப்பாற்றக்கூடிய குஞ்சுகள் போய்விடும்.

ஆகவே திருப்பிக் கேட்டதில் வந்த விவரங்களை எல்லாம் கேள்விக்குள்ளேயே சேர்த்து எழுத வேண்டும். நேயர் முதலில் வாய் திறந்து கேட்டதோடு நிறுத்தக் கூடாது. டாக்டர் எந்தக் கோழியை மனதில் வைத்துப் பதில் சொன்னாரோ, அந்தக் கோழி கேள்வியில் தெரிய வேண்டும். முதல் அழைப்பு இப்படி வரும்:

கேள்வி: முட்டை வைக்கும் பெரிய கோழிகள் வெள்ளையும் பச்சையுமாகக் கழிகின்றன. மூச்சு வாங்குகிறது, சில கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு நிற்கின்றன. 12-ல் 4 செத்துவிட்டன. தடுப்பூசி போடவில்லை. போன வாரம் சந்தையில் 2 சேவல் வாங்கிச் சேர்த்தோம். என்ன மருந்து கொடுக்கலாம்?

பதில்: இந்த அறிகுறிகளைப் பார்த்தால் வெள்ளைக்கழிச்சல் போலத் தெரிகிறது. மருந்தகத்தில் காட்டித்தான் உறுதி செய்ய வேண்டும். இது வைரஸ் நோய் என்பதால் நேரடி மருந்து இல்லை. நோய் வந்த பிறகு தடுப்பூசி காப்பாற்றாது. நல்ல கோழிகளைப் பிரித்து வையுங்கள். செத்தவற்றை ஆழக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். நோயுள்ளதை விற்காதீர்கள். அன்றே மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். புதிதாக வாங்கும் கோழியை 2, 3 வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

"வெள்ளைக்கழிச்சல்" என்று டாக்டர் சொல்லவில்லை, "வெள்ளைக்கழிச்சல் மாதிரி" என்றுதான் சொன்னார். அந்த 'மாதிரி'யை நாம் விழுங்கிவிடக் கூடாது. கோழியைக் கண்ணால் பார்க்காமல் போனில் கேட்டுச் சொல்கிறார் அவர். 'இருக்கலாம்', 'போலத் தெரியுது' என்று அவர் சொன்னால் நாமும் அப்படியே எழுதுவோம். நேயருடைய பெயரும் ஊரும் வேண்டாம். வானொலியில் அவரே சொன்னாலும் காற்றோடு போய்விடும். இதழில் அச்சாகிவிட்டால், அந்த ஊர்க் கோழிக்குச் சீக்கு என்று வியாபாரி விலையைக் குறைத்துக் கேட்பான்.

இரண்டாவது அழைப்பைத் தனிக் கேள்வியாகவே எழுத வேண்டும். சுருக்கும்போது ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிடலாம் என்பது உண்மைதான். சேர்க்கலாமா என்று பார்க்க, கேள்விகளை விட்டுவிட்டுப் பதில்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பதில் ஒன்றாக இருந்தால் சேர்க்கலாம். கேள்வி ஒன்றாக இருந்து பதில் வேறானால் பிரித்தே வையுங்கள். அதோடு, ஏன் வேறு என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். இங்கே பெரிய கோழி, குஞ்சு என்ற வயதும், கழுத்து திருகுவதும்தான் காரணம்.

அளவும் மருந்தின் பெயரும்

மூன்றாவதாகப் பேசியவர் தடுப்பூசி அளவு கேட்டார். டாக்டர் பதில்: "பொறிச்ச ஒரு வாரத்துல லசோட்டா மருந்து, கண்ணுலயோ மூக்குலயோ ஒரு சொட்டு. எட்டு வாரம் தாண்டின பிறகு ஆர்.டி.வி.கே. ஊசி, இறக்கைக்கு அடியில தோலுக்குக் கீழ அரை மில்லி. எட்டு வாரத்துக்குக் குறைஞ்ச குஞ்சுக்கு இந்த ஊசி போடக் கூடாது, அந்த மருந்தே அதுக்கு வீரியம் ஜாஸ்தி, சீக்காக்கிவிடும்."

வெறுமனே "வெள்ளைக்கழிச்சலுக்கு அரை மில்லி ஊசி" என்று எழுதினால், பஞ்சாரத்தில் இருக்கும் சின்னக் குஞ்சுக்கும் அதையே போட்டுவிட இடம் இருக்கிறது. மருந்துப் பெயர், வயது, அளவு, எங்கே போடுவது என்ற நான்கும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்தே நிற்க வேண்டும். ஒன்று குறைந்தால் மற்ற மூன்றையும் எழுதாதீர்கள். "கூடாது" என்று டாக்டர் சொன்ன வாக்கியத்தை எந்தக் காரணத்துக்கும் சுருக்காதீர்கள். இடம் போதாவிட்டால் வேறு எதையாவது வெட்டுங்கள்.

வானொலியில் இரைச்சல் வரும். 'அரை மில்லி'யா 'ஒரு மில்லி'யா என்று காது தடுமாறும். மருந்தின் பெயரும் சரியாக விழாது. கேட்டது பாதி, ஊகித்தது பாதி என்று எழுதுவதைவிடப் புள்ளி வைத்து இடம் விட்டுவிடுங்கள். மறுநாள் கால்நடை மருந்தகத்தில் கேட்டு நிரப்பலாம். மருந்துப் பெட்டியையே பார்த்து எழுத்துக்கூட்டிக் கொள்வது இன்னும் நல்லது. கேட்டு நிரப்பியதா, நிகழ்ச்சியிலேயே சொன்னதா என்பதைக் குறிப்பு நோட்டில் அடையாளம் வையுங்கள்.

அதே நேயர் இன்னொன்றும் கேட்டார். "எங்க வீட்டுல அஞ்சு கோழிதாங்க இருக்கு. அதுக்கும் ஊசி போடுவாங்களா?" டாக்டர் சொன்ன பதில் நம் குழுக்களுக்கு நன்றாகப் பயன்படும். தடுப்பூசிப் புட்டி ஒன்றில் வழக்கமாக 100 கோழிக்குக் குறையாத மருந்து இருக்கும். கலக்கிய பிறகு ஐஸில் வைத்து 2 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிஞ்சியதை நாளைக்கு என்று வைத்தால் பலன் இல்லை. அதனால் தெருவில் உள்ள எல்லா வீட்டுக் கோழிகளையும் ஒரே நாள் காலையில், மேயத் திறந்து விடுவதற்கு முன்னால் போட ஏற்பாடு செய்யச் சொன்னார். ஊசி போட்டு 10 நாள், 2 வாரம் கழித்துத்தான் முழு எதிர்ப்புச் சக்தி வரும் என்றும் சொன்னார். இந்தப் பதிலை மட்டும் சுருக்காமல் கொஞ்சம் விரித்தே எழுதலாம். எல்லாப் பதிலும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

யார் சொன்னது?

நான்காவதாகப் பேசியவர் கேள்வியே கேட்கவில்லை. "நாங்க மஞ்சளும் பூண்டும் கீழாநெல்லியும் அரைச்சுக் குடுப்போம் சார், எந்தச் சீக்கும் அண்டாது" என்றார். நிகழ்ச்சி நடத்துபவர் உடனே, "ஆமாம், பாட்டி வைத்தியம் நல்ல வைத்தியம்" என்று பாராட்டினார். அதற்குப் பிறகு டாக்டர், "குடுக்கலாம்மா, தப்பில்லை. ஆனா அதை நம்பித் தடுப்பூசியை விட்டுடாதீங்க" என்றார்.

மூன்று குரல்களும் தாளில் ஒன்றாகக் கலந்து, "மஞ்சள், பூண்டு, கீழாநெல்லி கொடுத்தால் எந்தச் சீக்கும் வராது என்று டாக்டர் கூறினார்" என்று ஆகிவிடுவது சுலபம். பதில் என்ற இடத்தில் டாக்டர் பேச்சு மட்டுமே வர வேண்டும். நேயர் சொன்ன கைப்பக்குவத்தை எழுதுவதானால், 'ஒரு நேயர் தம் பழக்கமாகச் சொன்னது' என்று எழுதி, அதற்கு டாக்டர் சொன்னதையும் பக்கத்திலேயே வையுங்கள். நடத்துபவர் பாராட்டியதை விட்டுவிடலாம். அவர் வேலை பேச்சை நகர்த்துவது.

ஐந்தாவது அழைப்பு பாதியில் அறுந்துபோனது. "முட்டை வைக்கிறதை நிறுத்திடுச்சு சார், அது வந்து…" என்பதோடு சரி. டாக்டர் பொதுவாகத் தீவனம், குடற்புழு, அடைப்பருவம் என்று சில காரணங்கள் சொன்னார். அதை எழுதலாம், ஆனால் 'அழைப்பு துண்டிக்கப்பட்டதால் டாக்டர் பொதுவாகச் சொன்னவை' என்று முதலில் போட்டுவிட்டு எழுதுங்கள். ஆறாவது நேயர் கோழிக் கூண்டுக்கு மானியம் உண்டா என்று கேட்டார். தமக்குத் தெரியாது, மருந்தகத்தில் விசாரியுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

எப்படிக் குறித்துக்கொள்வது?

பேசப் பேச எல்லாவற்றையும் எழுத யாராலும் முடியாது. செல்போனில் பதிவு செய்யத் தெரிந்தவர், போனை ரேடியோ பக்கத்தில் வைத்துப் பதிவு செய்துகொள்ளலாம். பிள்ளைகளைக் கேட்டால் காட்டித் தருவார்கள். பதிவு இருந்தாலும் கையில் நோட்டு இருக்கட்டும். ஒரு பக்கத்தை மூன்றாக மடித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் நேயர் கேட்டது, நடுவில் டாக்டர் திருப்பிக் கேட்டதும் அதற்கு வந்த விவரமும், கடைசியில் டாக்டர் சொன்ன பதில். நடுப் பத்தி காலியாகவே கிடந்தால் எதையோ தவற விட்டிருக்கிறோம் என்று புரிந்துகொள்ளலாம். எண், மருந்துப் பெயர், 'கூடாது', 'இருந்தால்', 'வந்தால்' என்பவை காதில் விழுந்தவுடன் எழுதுங்கள். வணக்கம், நன்றி, 'உங்க நிகழ்ச்சி ரொம்ப நல்லா இருக்கு' என்பதற்கெல்லாம் பேனாவைத் தொட வேண்டாம்.

அன்று இரவே செம்மையாக எழுதிவிடுங்கள். ஒரு வாரம் போனால் குறிப்பு நம் கையெழுத்திலேயே நமக்குப் புரியாது. டாக்டர் பேசியதை நடைத் தமிழாக்கலாம், ஆனால் கழிச்சல், பஞ்சாரம், அடை போன்ற நம் சொற்களை மாற்றி 'வயிற்றுப்போக்கு', 'கோழி வளர்ப்பு உபகரணம்' என்று எழுத வேண்டாம்.

எழுதி முடித்ததும், நிகழ்ச்சியைக் கேட்காத ஒரு உறுப்பினரிடம் வாசித்துக் காட்டுங்கள். வாசித்த பிறகு, "உன் வீட்டுக் கோழிக்கு இது பொருந்துமா?" என்று கேளுங்கள். "எத்தனை மாசக் கோழிக்குச் சொன்னாங்க?" என்று அவர் நம்மையே திருப்பிக் கேட்டால், அந்த விவரம் கேள்வியில் விடுபட்டிருக்கிறது.

மேலே தலைப்போடு நிகழ்ச்சி ஒலிபரப்பான நாள், மாதம், வருடம், எந்த வானொலி, பதில் சொன்னவர் கால்நடை மருத்துவரா வேறு அலுவலரா என்பதைக் குறிப்பிடுங்கள். மானியமும் முகாம் தேதியும் மாறிக்கொண்டே இருக்கும். இதழைப் பத்திரப்படுத்தி அடுத்த வருடம் எடுத்துப் பார்க்கிறவருக்கு அந்தத் தேதி வேண்டும். எழுதியதை வாரக் கூட்டத்தில் வாசித்துவிட்டு, மாத இறுதிக்குள் உங்கள் பிரதிநிதி வழியாகக் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள். குறிப்பு நோட்டையும் கூடவே கொடுத்தனுப்பினால், புள்ளி வைத்து விட்ட இடங்களை நாங்கள் மருந்தகத்தில் விசாரித்து நிரப்பிக்கொள்வோம்.